கட்டிலிலிருந்து குளியலறை வரை

கண்டியின் பழைய வீடுகளில் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு படியாவது இருக்கும். அம்பிட்டிய, ஹந்தானை, மஹியாவ பக்கங்களில் மலைச் சரிவை வெட்டிக் கட்டிய பல வீடுகளில் சமையலறை கூடத்தைவிட ஓரிரு படி தாழ்ந்திருக்கும். அதற்கும் பின்னால்தான் குளியலறை. இரவில் இரண்டு மூன்று தடவை எழும்ப வேண்டிய வயதில் அந்தப் படிதான் வீட்டிலேயே ஆபத்தான இடம்.

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானாக எரியும் சென்சர் லைட்டுகள் இப்போது கண்டிக் கடைகளில் மூன்று வகையாகக் கிடைக்கின்றன: பிளக்கில் செருகுவது, பற்றரியில் எரிவது, நாடாபோல ஒட்டும் ஸ்ட்ரிப். எது நல்லது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வகையைக் காட்டிவிட முடியாது. பாட்டி கட்டிலிலிருந்து இறங்கிக் குளியலறைக்குப் போகிற வழியைக் கூடவே நடந்து பார்த்தால், எந்த இடத்துக்கு எது என்று தெரிந்துவிடும். அம்பிட்டியவில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். அங்குள்ள பாட்டிக்கு 80 வயது கடந்துவிட்டது.

முதலில் கட்டில். 60 வயதில் விழித்திரைக்கு எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் பெரிய லைட்டைப் போடலாம் என்று நினைத்தால், இருட்டுக்குப் பழகிய கண் கூசிப்போகும். கண்ணில் புரை இருந்தால் ஒளி சிதறி, எதிரே இருப்பதே தெரியாது. லைட்டை அணைத்ததும் கண் மறுபடி இருட்டுக்கு முழுதாகப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். ஆகவே ஒளி கண்ணுக்கு வரக்கூடாது, தரைக்குப் போகவேண்டும். இதற்கு ஸ்ட்ரிப்பைப்போல் வேறொன்றில்லை. கட்டில் சட்டத்தின் உட்பக்கம் ஒரு மீற்றர் நீளத்துக்கு ஒட்டி, சென்சரைக் கால் இறங்கும் இடத்தில் பொருத்தினால், பாதம் தரையைத் தொடும்போதே தரை வெளிச்சமாகியிருக்கும். மஞ்சள் ஒளி தருவதாகப் பார்த்து வாங்குங்கள். நீலம் கலந்த வெள்ளை ஒளி தூக்கத்தைக் கலைக்கும்.

அந்த வீட்டில் முதல் வாரம் ஸ்ட்ரிப் எரியவே இல்லை. காரணம் நுளம்பு வலை. இந்தச் சென்சர் உடலின் வெப்பக் கதிரைத்தான் பார்க்கிறது. கண்ணாடி அதை மறைத்துவிடும், நெருக்கமாக நெய்த துணியும் பெரும்பகுதியை மறைக்கும். வலையின் ஓரம் சென்சருக்கு முன்னால் மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சென்சரை ஒரு சாண் கீழே, வலைக்கு வெளியே இறக்கியதும் சரியாயிற்று. இன்னொரு சங்கடம் தரை. சிவப்புச் சாயமிட்டு மெழுகிய சீமெந்துத் தரையில் ஸ்ட்ரிப்பின் ஒவ்வொரு புள்ளியும் கண்ணாடியில் தெரிவதுபோல் மின்னும். ஸ்ட்ரிப்பைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி ஒட்டினால் புள்ளிகள் மறைந்து ஒளி மட்டும் பரவும்.

அடுத்தது நடை. இங்கே பிளக்கில் செருகும் லைட் போதும். மாதம் முழுக்கச் செருகியே கிடந்தாலும் அரை யூனிட்கூட ஆகாது. ஆனால் பல பழைய வீடுகளில் பிளக் பேஸ், சுவிட்ச் பலகையோடு சேர்ந்து நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. அங்கே செருகினால் வெளிச்சம் நேரே முகத்தில் அடிக்கும். முழங்கால் உயரத்தில் ஒரு பேஸ் வைத்துத் தரச் சொல்லுங்கள்; வயரிங் தெரிந்தவருக்கு அது பெரிய வேலையல்ல. செருகியின் பின்னையும் கவனிக்க வேண்டும். இலங்கையில் 13 அம்பியர் சதுரப் பின்தான் தரமாக ஏற்கப்பட்டிருக்கிறது. பழைய வீடுகளிலோ இன்னும் உருண்டைப் பின் பேஸ்கள், கடையில் வரும் லைட்டிலோ தட்டையான இரட்டைப் பின். நடுவில் ஒரு அடப்டரை மாட்டினால் லைட் பாரத்தில் சாய்ந்து, சென்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சென்சர் குறுக்கே போகிறவரைச் சட்டென்று பிடிக்கும். தன்னை நோக்கி நேராக நடந்து வருகிறவரைத் தாமதமாகத்தான் கண்டுகொள்ளும். ஆகவே நடையின் கோடியில் உள்ள சுவரில் வைத்தால், பாட்டி பாதி வழி இருட்டில் வந்த பிறகுதான் எரியும். பக்கச் சுவரில், படுக்கையறைக் கதவைத் தாண்டியதும் வைக்கவேண்டும். எங்கள் பக்கத்துப் பேஸ்களில் சுவிட்சும் சேர்ந்தே இருக்கும். படுக்கப்போகும்போது எல்லாச் சுவிட்சையும் அணைக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், இந்த ஒரு சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

படிக்கு மறுபடி ஸ்ட்ரிப்தான். படியின் விளிம்புக்கு அடியில் ஒட்டினால் கீழ்ப்படியின் பரப்பில் ஒளி விழும், விளிம்பு ஒரு கோடாகத் தெரியும். கோடு தெரிவது கண்ணுக்கு மட்டுமல்ல, உடல் சமநிலைக்கும் உதவுகிறது. அமெரிக்காவின் ரென்சலர் தொழில்நுட்பக் கழகத்தில் மரியானா ஃபிகேரோ குழுவினர் கதவு நிலையைச் சுற்றி மஞ்சள் எல்ஈடி வரிசைகளைப் பொருத்தி முதியவர்களை ஆராய்ந்தார்கள். நெட்டும் கிடையுமான ஒளிக்கோடுகள் தெரிந்தபோது எழும்பி நிற்கையில் உடல் தள்ளாட்டம் குறைந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும் கதவுக்கு இதை நம் வீட்டிலும் செய்யலாம். ஸ்ட்ரிப்பின் வயர் மட்டும் தரையில் குறுக்கே போகக்கூடாது.

குளியலறையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அங்கே பிளக் பேஸ் வைக்கவே கூடாது. ஆகவே எல்லோரும் பற்றரி லைட்டை ஒட்டுகிறார்கள். மலிவானவை 15, 20 வினாடியில் அணைந்துவிடும். கொமோட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் சென்சரின் கணக்கில் இல்லை. இருட்டானதும் பாட்டி கையை வீசி, உடம்பைத் திருப்பி லைட்டைத் தேடுவார், விழுவது அப்போதுதான். வாங்கியதும் நீங்களே இரவில் போய் அசையாமல் உட்கார்ந்து வினாடிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குக் குறைவாக எரிந்தால் அது குளியலறைக்கு உதவாது.

பற்றரி லைட்டை இரவு முழுக்க எரியவிட முடியாதா? மூன்று சிறிய ஏஏஏ பற்றரிகளின் கொள்ளளவு ஏறக்குறைய 1,000 மில்லி அம்பியர் மணி. லைட் 60 மில்லி அம்பியர் இழுக்கும் என்று வைத்தால், பத்து மணி நேரத்தில் 600 போய்விடும். இரண்டாம் இரவிலேயே மங்கும். அசைவுக்கு மட்டும் எரிந்தால், இரவுக்குப் பத்துத் தடவை, தடவைக்கு ஒரு நிமிடம் என்றால் 10 மில்லி அம்பியர் மணிதான். சென்சர் விழித்திருக்கச் செலவாகும் இரண்டு, மூன்றைச் சேர்த்தாலும் இரண்டரை மாதம் வரும். ஆனால் மாலையில் வீட்டார் எல்லோரும் போய்வந்தால் அது மூன்று வாரமாகச் சுருங்கும்.

என் அபிப்பிராயம், குளியலறைக்கு நிலையான ஒளிதான் வேண்டும். கூரையில் இருக்கும் குமிழைத் தவிர, அரை வாட் அளவான ஒரு நைட் பல்பைச் சுவரில் தாழ்வாக வயர் செய்து, விடியும்வரை எரியவிடுங்கள். சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். அது இயலாத வாடகை வீட்டில், கதவுக்கு எதிரே நடையில் ஒரு பிளக் லைட்டை விடியும்வரை எரியும் நிலையில் வைத்துக் கதவைச் சற்றுத் திறந்து வைக்கலாம்.

பற்றரி லைட்டுக்கு இடம் வேறு. 2022இல் மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதற்கே நாடு முழுவதும் இருண்டது. பிளக்கும் ஸ்ட்ரிப்பும் அப்போது சும்மா கிடக்கும். ஆகவே படியருகே ஒன்றும் குளியலறைக் கதவருகே ஒன்றுமாகப் பற்றரி லைட் இருக்கட்டும். கண்டியின் ஈரச் சுவரில் இரட்டை ஒட்டு டேப் ஒக்டோபர், நவம்பர் மழைக்கு நிற்காது. ஆணியோ திருகாணியோ போடுங்கள். பற்றரி மூடியை மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். முனையில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பற்றரி கசியத் தொடங்கிவிட்டது. மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் பழையது இன்னும் சீக்கிரம் கசியும்.