எல்லாருமே அட்மின் என்றால்…

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து புதிய நிர்வாகக் குழு வந்ததும் சில பொருள்கள் கைமாறும். மினிட்ஸ் புத்தகம், ரசீது புத்தகம், பம்ப் ரூம் சாவி, சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப். வங்கிக்குத் தீர்மான நகல் கொடுத்து, காசோலையில் கையெழுத்துப் போடுபவர்களின் பெயரையும் மாற்றிவிடுவார்கள். ஆனால் மெயின்டனன்ஸ் பில், கணக்கு, புகார், வருகைப் பதிவு எல்லாம் இன்று இருப்பது செயலியில். அதில் பழைய பொருளாளரின் லாகின் அப்படியே இருக்கும். நல்ல மனிதர், அவர்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. அதனாலேயே அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போன பிறகும், இங்கே எந்த வீட்டுக்காரர் எத்தனை மாத பாக்கி என்பது அவர் கைபேசியில் தெரிந்துகொண்டே இருக்கும்.

மைகேட், அடா, நோபுரோக்கர்ஹூட் போன்ற குடியிருப்புச் செயலிகளில் இதற்கென்றே 'ரோல்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. அனுமதிகளை ஆளுக்குக் கொடுக்காமல் பதவிக்குக் கொடுப்பது, அந்தப் பதவியில் ஆளை உட்கார வைப்பது. ஆள் எழுந்து போனால் அனுமதியும் போய்விட வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் 1992-ல் இந்த முறைக்கு ஒரு முறையான இலக்கணம் வகுத்தார்கள். வங்கி, மருத்துவமனை மென்பொருள்களில் வேரூன்றிய அந்த முறைதான் இப்போது நம் கேட் வரை வந்திருக்கிறது. செயலியில் வசதி இருப்பது வேறு, சங்கம் அதைச் சரியாக அமைத்துக்கொள்வது வேறு. பெரும்பாலும் கோட்டை விடுவது இரண்டாவதில்தான்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் 120 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். குழுவில் 11 பேர். செயலியை அமைத்துத் தர வந்த கம்பெனிக்காரர் "அட்மின் யார் யார் சார்?" என்று கேட்கிறார். யாரையும் விட்டதாக இருக்கக்கூடாது என்று செக்ரட்டரி 11 பேர் பெயரையும் கொடுத்துவிடுகிறார். இங்கே மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு ரூ. 3.50. 1,200 சதுர அடி வீட்டுக்கு மாதம் ரூ. 4,200. அடுத்த வருடம் கட்டணத்தை உயர்த்தினால் எவ்வளவு வரும் என்று பார்க்க, உறுப்பினர் ஒருவர் 28-ம் தேதி இரவு அந்த 3.50-ஐ 3.75 ஆக்கிப் பார்க்கிறார். பழையபடி மாற்றி வைக்க மறந்துவிடுகிறார். 1-ம் தேதி காலை செயலி தானாகவே பில் போட்டு 120 வீடுகளுக்கும் அனுப்பிவிடுகிறது. 1,200 சதுர அடிக்காரருக்கு ரூ. 4,500. எல்லா வீடும் அதே அளவு என்றால் மொத்தம் ரூ. 36,000 கூடுதல். மதியத்துக்குள் பாதிப்பேர் பணத்தையும் கட்டியிருப்பார்கள். பிறகு வீடு வீடாக வரவு எழுதிச் சரிசெய்ய வேண்டும். கூட்டத்தில் பதிலும் சொல்ல வேண்டும். இதில் திருட்டு எண்ணம் யாருக்கும் இல்லை. மாற்றத் தேவையில்லாத ஒருவர் கையில் மாற்றும் அனுமதி இருந்தது, அவ்வளவுதான்.

குழு உறுப்பினர்கள் எல்லாரும் கணக்கைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். எழுதுவது வேறு. தண்ணீர், லிஃப்ட், ஜெனரேட்டரைக் கவனிப்பவருக்குப் புகார்ப் பட்டியலும் வேலைக்கு வருபவர்களின் விவரமும் போதும். விழாக்களைக் கவனிப்பவருக்கு அறிவிப்புப் பலகையும் ஹால் முன்பதிவும். கட்டண விகிதம், தாமதக் கட்டணம், ரோல் ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் தொடும் உரிமை இருவருக்கு இருந்தால் போதும். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர் வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு.

பொருளாளரின் ரோலை அமைப்பதுதான் எல்லாவற்றிலும் நுணுக்கமான வேலை. அவருக்கு நிறைய அதிகாரம் வேண்டும். ஆனால் எந்தப் பணத்தையும் அவர் தனியாக வெளியே அனுப்ப முடியக்கூடாது. வங்கிகளில் இதை 'மேக்கர், செக்கர்' என்பார்கள். ஒருவர் பதிவு செய்வார், வேறொருவர் ஒப்புதல் தருவார்.

லிஃப்ட் பராமரிப்புக்கு வருடாந்தர ஒப்பந்தத் தொகையாக ரூ. 48,000 கட்ட வேண்டிய நேரம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று லிஃப்ட் கம்பெனியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. தொழில் நிறுவனங்களை ஏமாற்ற மோசடிக்காரர்கள் நெடுநாளாகக் கையாளும் வழி இது. பொருளாளர் நம்பி, செயலியில் கணக்கு எண்ணை மாற்றி, பணத்தையும் அவரே அனுப்பிவிட்டால் அன்றைக்கே கதை முடிந்தது. சரியாக அமைத்த செயலியில் கணக்கு எண்ணை மாற்றுவதற்கே தனி ஒப்புதல் கேட்கும். அது செக்ரட்டரியிடம் போய் நிற்கும். அவர் அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய பில்லில் உள்ள எண்ணுக்கு போன் செய்து ஒரு வார்த்தை கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

செயலியின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல சங்கங்கள் செயலியில் கணக்கு மட்டும் எழுதிவிட்டு, பணத்தை நெட் பேங்கிங்கில் தனியாக அனுப்புகின்றன. அங்கே ஒரே ஆளால் பணம் அனுப்ப முடிந்தால், செயலியில் எத்தனை ஒப்புதல் வைத்தும் பயனில்லை. வங்கிக் கணக்கிலும் இருவர் சேர்ந்து ஒப்புதல் தரும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொரு ஓட்டையும் உண்டு. வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போன செக்ரட்டரி, தனக்கு வரும் ஓ.டி.பி.யை போனிலேயே பொருளாளருக்குச் சொல்லிவிடுவார். காகிதத்தில் இருவர், உண்மையில் ஒருவர். செயலியின் நடவடிக்கைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பதிவுக்கும் ஒப்புதலுக்கும் இடையே மாதக்கணக்கில் ஒரே நிமிட இடைவெளிதான் இருக்கிறது என்றால், இரண்டாவது ஆள் பில்லைப் பார்க்கவே இல்லை என்று புரிந்துவிடும்.

பொருளாளரும் அங்கே குடியிருப்பவர்தான். அவர் வீட்டுக்கும் தாமதக் கட்டணம் விழும். தன் வீட்டுக்குத் தானே தள்ளுபடி போட்டுக்கொள்ள முடியாதபடி செயலி தடுக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்ப்பது அவருக்குமே நல்லது. வீண் பேச்சுக்கு இடமிருக்காது. அதேபோல, போட்ட ரசீதை அழிக்கும் வசதி யாருக்குமே கூடாது. தவறாகப் போட்டிருந்தால் எதிர்ப்பதிவு போட்டு ரத்து செய்யலாம். பழையதும் தெரியும், திருத்தியதும் தெரியும், தணிக்கையாளருக்கும் தொல்லை இல்லை.

இனி கேட்டுக்குப் போவோம். அங்கே இருப்பது ஒரே கைபேசி. பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று 12 மணி நேர ஷிப்ட். ஏஜென்சி அடிக்கடி ஆளை மாற்றும். எல்லாரும் 'கேட்1' என்ற ஒரே லாகினில் வேலை பார்த்தால், இரவு இரண்டு மணிக்கு ஒரு வேனை உள்ளே விட்டது யார் என்று பதிவேடு சொல்லாது. அப்போது பழி, அன்றைக்கு அங்கே நிற்பவர்மேல் விழும். கைபேசியைக் கேட்டின் பெயரில் பதிந்துவிட்டு, ஒவ்வொரு காவலருக்கும் நான்கு இலக்க எண் ஒன்றைத் தனியாகக் கொடுத்தால் போதும். ஷிப்ட் மாறும்போது அதை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்குவார். செய்யாத தப்பிலிருந்து அவரைக் காப்பாற்றப் போவது அந்த எண்தான்.

காவலரின் திரையில் என்ன தெரிய வேண்டும்? வந்தவர் பெயர், எந்த வீடு, வீட்டுக்காரர் சரி என்றாரா இல்லையா. வழக்கமாக வரும் வேலைக்காரம்மாவின் படம், வண்டி எண். வீட்டுக்காரரை அழைக்க ஒரு பொத்தான் இருக்கலாம், எண் தெரிய வேண்டியதில்லை. யார் பாக்கி வைத்திருக்கிறார், யார் வீடு பத்து நாள் பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் அந்தத் திரைக்கு வரவே கூடாது. காவலர்மேல் அவநம்பிக்கையால் சொல்வதல்ல. கேட் கைபேசி மேசைமேல் திறந்தே கிடக்கும். டெலிவரிக்கு வரும் எவரும் எட்டிப் பார்க்கலாம். ஊருக்குப் போகிறவர்கள் "10 நாள் யாரையும் விடாதீர்கள்" என்று பதிந்தாலும், காவலருக்கு 'இந்த வீட்டுக்கு அனுமதி இல்லை' என்ற ஒரு வரி மட்டுமே வர வேண்டும். காரணம் வேண்டாம்.

குடியிருப்பவர்கள் என்ற ஒரே சொல்லுக்குள் பல பேர் இருக்கிறார்கள். ஓனர், அவர் மனைவி, வாடகைக்கு இருப்பவர், வாடகைக்காரரின் அம்மா. சங்கத் தேர்தல், கார்ப்பஸ் நிதிக் கணக்கு ஆகியவை ஓனருக்கு. மாத பில், புகார், கேட் அனுமதி ஆகியவை அங்கே வசிப்பவருக்கு. ஓனர் வேறு ஊரில் இருந்தால், வாடகைக்காரர் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்ற அறிவிப்பு அவருக்குப் போகக்கூடாது. வாடகை வாங்குவதால் அந்த உரிமை வந்துவிடாது. வாடகைக்காரர் காலி செய்யும் நாளில் அவருடைய ரோலும் முடிய வேண்டும். ஒப்பந்தம் முடியும் தேதியைச் செயலியிலேயே போட்டுவைத்தால் அது தானாக நடக்கும். போடாவிட்டால், போன வருடம் காலி செய்தவர் இந்த வருடமும் அந்த வீட்டுக்கு ஆளை உள்ளே விடச் சொல்லலாம்.

செயலி வாங்கும்போது ஒரு சோதனையைச் செய்துபார்க்க வேண்டும். சில செயலிகள் பொத்தானை மட்டும் மறைத்துவிட்டு, உள்ளே கதவைத் திறந்தே வைத்திருக்கும். குடியிருப்பவராகக் கணினியில் உள்ளே போய் உங்கள் கணக்கைத் திறந்தால், முகவரிப் பட்டையில் இப்படி ஒன்று தெரியலாம்:

```
/flats/1042/ledger
```

சங்கத்தின் அனுமதியோடு, முன்கூட்டியே சொல்லிவைத்த இன்னொரு உறுப்பினரின் வீட்டு எண்ணை அந்த 1042-க்குப் பதிலாகப் போட்டுப் பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால் சரி. அவர் வீட்டுக் கணக்கு திறந்துவிட்டால், ரோல்கள் வெறும் ஒப்பனை. கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுச் சரிசெய்யும்வரை பணம் கட்டக்கூடாது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைத் திரட்டுபவர் அவற்றுக்குத் தகுந்த பாதுகாப்பும் செய்ய வேண்டும் என்கிறது. பெயர், எண், வருகை நேரம் என்று நாள்தோறும் சேர்த்துக்கொண்டே போகும் சங்கங்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

குழுவில் இல்லாதவர்களும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. செயலியைத் திறந்து, உங்கள் வீட்டு எண்ணின்கீழ் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வாடகைக்காரர், வேலையை விட்டு நின்ற டிரைவர், முன்பு வீட்டை வைத்திருந்தவர் என்று யாராவது இருந்தால், நீக்கச் சொல்லிச் செக்ரட்டரிக்கு இன்றே எழுதுங்கள்.