வடிவமைப்பாளருக்கு அனுப்பும் முன்

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கட்டுரையில் ‘தமிழ்’ என்று தெரிவது, கணினியின் கணக்கில் `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு மாறினால் குப்பையாகத் தெரியும். அதனால் பக்க வடிவமைப்பாளருக்கு அனுப்பும் முன் கோப்பை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

முதலில் மூலக் கோப்பைப் பிரதி எடுங்கள். பிறகு வேர்டில் எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். மாற்றியில் அதற்குரிய குறியீட்டைத் தேர்ந்தால்தான் சரியாக மாறும். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தனியே எடுத்து வையுங்கள். இல்லையேல் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும்.

பெரிய சிக்கல் ஔகாரத்தில் வருகிறது. பாமினியில் ‘ள’வும், ‘கௌ’வின் பின்பாதியும் ஒரே `s` விசைதான். `ntspNa` என்பது ‘வெளியே’. சில மாற்றிகள் முதல் மூன்று எழுத்தைச் சேர்த்துப் படித்து ‘வௌியே’ என்று தந்துவிடும். இதற்கு மாறாக, ‘கௌரவம்’ சிலவற்றில் ‘கெளரவம்’ ஆகும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே; தேடலில் அகப்படாது. ஆகவே வௌ, தௌ, கெள, மெள, பெள ஆகியவற்றைத் தேடி ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.

இன்டிசைனில் World-Ready Composer தேர்வாகியிருக்க வேண்டும். இல்லையெனில் சரியான யூனிகோடும் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க மூலத்தின் பிடிஎஃப் பிரதியையும் உடன் அனுப்புங்கள்.