தோல் கருகலாம், சதை கருகக் கூடாது

குடைமிளகாயின் தோலுக்கு மேல் மெழுகுத்தன்மையுள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. கொதிக்கும் குழம்பில் அரை மணி நேரம் கிடந்தாலும் அந்தத் தோல் கரைவதில்லை. சதை குழைந்த பிறகு அது தனியே சுருண்டு, சூப்பிலும் சட்னியிலும் துணுக்குகளாக நாவில் தட்டுப்படும். கத்தியால் சீவலாமென்றால் காயின் மடிப்புகளும் பள்ளங்களும் இடம் கொடுப்பதில்லை. தோலை முழுவதும் கருக்கிவிடுவதே இதற்கு எளிய வழி. கடும் அனல் படும்போது தோலுக்கு அடியிலுள்ள ஈரம் ஆவியாகி, தோலைச் சதையிலிருந்து கொப்புளமாகத் தூக்கிவிடுகிறது. அதை உரித்தால் இனிப்பும் லேசான புகைமணமும் சேர்ந்த மிருதுவான சதை கிடைக்கும்.

கத்தரிக்காயைச் சுட்டுக் கொத்சு செய்யும் வீடுகளுக்கு இந்த வேலை அந்நியமல்ல. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கத்தரிக்காய் நடுவரை சதைப்பிடிப்பானது. உள்ளே வேகும்வரை நிதானமான அனலில் இருக்க வேண்டும். குடைமிளகாய் உள்ளே வெற்றிடம். சுவர் மட்டுமே சதை. அதற்கு வேண்டியது வேகமான, கடுமையான அனல். தீயைக் குறைத்து வைத்தால் தோல் கருகுவதற்கு முன்பே சதை குழைந்து கூழாகிவிடும்.

சுடுவதற்குச் சிவப்புக் குடைமிளகாயே ஏற்றது. பச்சையாக விற்பது பெரும்பாலும் முதிராத காய்தான். செடியிலேயே பழுத்துச் சிவந்ததில் இனிப்பு கூடுதல். பச்சையைச் சுட்டால் கசப்பு கொஞ்சம் மிஞ்சும். கையில் கனமாக இருப்பதையும் மடிப்புகள் குறைந்து வழவழப்பாக இருப்பதையும் பார்த்து எடுக்க வேண்டும். மடிப்புக்குள் தீ நாக்கு எட்டாது. அங்கே தோல் கருகாமல் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு காயை கேஸ் அடுப்பில் சுடுவதாகக் கொள்ளலாம். கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவாமல் பர்னருக்கு மேலுள்ள தாங்கியில் படுக்கவைக்க வேண்டும். சப்பாத்தி சுடும் கம்பி வலை இருந்தால் அதன் மேலும் வைக்கலாம். தீ முழு அளவில், நீல நிறமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் காயின் மேல் கரி படிந்து வாடை பிடிக்கும். இரண்டு நிமிடங்களில் தீ பட்ட பக்கம் படபடவென வெடித்துக் கருக்கும். இடுக்கியால் அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். நான்கு பக்கங்களும் முடிந்தபின் காம்பின் ஓரத்தையும் அடிப்பகுதியையும் நிமிர்த்திப் பிடித்துக் காட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து 10 முதல் 12 நிமிடங்கள் ஆகும்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆங்காங்கே கறுத்ததும் பயந்து எடுத்துவிட்டால், சிவப்பாக மிஞ்சிய இடங்களில் தோல் உரியாது. காய் ஏறக்குறைய முழுவதும் கறுப்பாகிக் கொப்புளித்திருக்க வேண்டும். கறுப்பு நிறம் வெளுத்துச் சாம்பலாக மாறத் தொடங்கினால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். அதற்கடியில் சதையும் தீய்ந்துகொண்டிருக்கும்.

சுட்ட காயை உடனே ஒரு பாத்திரத்தில் போட்டுத் தட்டால் மூடிவிட வேண்டும். காயின் சூட்டிலேயே எழும் ஆவி, இன்னும் ஒட்டியிருக்கும் தோலையும் தளர்த்தும். 10 முதல் 15 நிமிடங்கள் போதும். அதற்கு மேல் மூடிவைத்தால் சதை தொடர்ந்து வெந்து தொளதொளவென்று ஆகும். கை பொறுக்கும் சூட்டில் திறந்து, விரலால் தேய்த்தாலே தோல் வழுக்கிக்கொண்டு வரும். காம்பைத் திருகி இழுத்தால் விதைக்கொத்தும் கூடவே வெளியேறும். மிஞ்சிய விதைகளைக் கத்தி முதுகால் வழித்துவிடலாம்.

இந்தக் கட்டத்தில் காயைக் குழாய்க்கடியில் காட்டத் தோன்றும். காட்டக் கூடாது. அத்தனை நேரம் சுட்டுச் சேர்த்த புகைமணமும் காய்க்குள் ஊறிய இனிப்புச் சாறும் தண்ணீரோடு போய்விடும். ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் லோதோசா ஊரின் பெயரால் விற்கப்படும் பிக்கியோ மிளகாய், தீயில் சுட்டுத் தண்ணீர் படாமல் உரிக்கப்படுவதாலேயே பெயர் பெற்றது. விரலை மட்டும் அவ்வப்போது நனைத்துக்கொண்டு உரிப்பது நல்லது. ஓரிரு கரும்புள்ளிகள் தங்கினால் கெடுதல் இல்லை. பாத்திரத்தின் அடியில் தேங்கும் சாற்றையும் கொட்டாமல் சமையலில் சேர்க்க வேண்டும்.

நான்கைந்து காய்களுக்கு மேல் இருந்தால் ஓவன் வசதி. 230 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கி, முழுக் காய்களை ட்ரேயில் வைத்து, நடுவில் ஓரிரு முறை திருப்பினால் 30 முதல் 40 நிமிடங்களில் தோல் சுருங்கிக் கருக்கும். மேல் கம்பி மட்டும் எரியும் அமைப்பிருந்தால் காயை இரண்டாக வெட்டி, தோல் மேலே இருக்குமாறு பரப்பி 10 முதல் 15 நிமிடங்களில் முடிக்கலாம். ஓவனில் சதை கூடுதலாகக் குழையும், புகைமணம் குறையும். அரைக்கப் போகும் காய்க்கு ஓவன், நீளக் கீற்றுகளாக நறுக்கிப் பரிமாறும் காய்க்குத் தீ என்று பிரித்துக்கொள்வது பொருத்தம்.

பூண்டில் கதை நேர்மாறு. அதன் காரம் பச்சையாக இருக்கும்போது பல்லுக்குள் இல்லை, நசுக்கும்போதுதான் பிறக்கிறது. அல்லியின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பல் உடைந்தால் இரண்டும் கலந்து நெடியுள்ள அல்லிசின் உண்டாகிறது. பல்லை உடைக்காமல் முழுசாகச் சூடாக்கினால் நொதி முதலில் செயலிழந்துவிடும். காரம் பிறக்க வழியில்லை, இனிப்பு மேலோங்கும். அதற்கு வேண்டியது நிதானமான அனல். நேர் தீயில் காட்டினால் தாள் போன்ற தோல் பற்றிக்கொள்ளும். வெளிப்பற்கள் தீய்ந்து கசக்க, உட்பற்கள் பச்சையாகவே நிற்கும்.

பருத்த பற்களுள்ள முழுப்பூண்டாக எடுத்து, உதிர்ந்த வெளித்தாளை மட்டும் நீக்கி, பற்களின் நுனி தெரியும்படி தலைப்பகுதியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்ட வேண்டும். வெட்டிய முகத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, 200 டிகிரியில் 40 முதல் 50 நிமிடங்கள் வைக்க வேண்டும். சிறு பற்களுள்ள பூண்டு என்றால் 30 நிமிடத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. அது சீக்கிரம் வறண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். நடுப்பல்லில் கத்தி நுனி தடையின்றி இறங்கினால் பதம் வந்துவிட்டது. உரிக்கும் வேலை இங்கே கிடையாது. ஆறவிட்டு அடிப்பகுதியைப் பிடித்து அழுத்தினால் பொன்னிற விழுது பிதுங்கி வரும்.

சுட்ட குடைமிளகாய் மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் நான்கைந்து நாள் தாங்கும். பூண்டு விழுதையும் குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், மிஞ்சுவதை உறையவைக்கலாம். பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்கடியில், புளிப்பற்ற பூண்டில், பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும். சுடும் சூட்டில் அதன் வித்துகள் சாவதில்லை. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர், எண்ணெயில் போட்டுக் குளிரூட்டாமல் வைத்திருந்த பூண்டால் இந்த நஞ்சுக்கு ஆளானார்கள். நஞ்சு கலந்த பூண்டு வாடையிலோ நிறத்திலோ அதைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம் என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்வதும் உதவாது.