காரணம் தெரியாத 18 நிமிடங்கள்

“நீங்கள் கையாண்ட ஒரு புரொடக்‌ஷன் இன்சிடென்ட் பற்றிச் சொல்லுங்கள்.” மென்பொருள் வேலைக்கான பிஹேவியரல் ரவுண்டில் இந்தக் கேள்வி வந்ததும், பலர் பிழை எந்த வரியில் ஒளிந்திருந்தது என்ற துப்பறியும் கதைக்குள் போய்விடுகிறார்கள். கேட்பவருக்கு அதில் பாதி ஆர்வம்தான். காரணம் தெரியாமல் தவித்த நேரத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்பதையே அவர் தோண்டுவார்.

கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2019 ஜூலை 2 அன்று சந்தித்த முடக்கத்தைப் பற்றி அதுவே வெளியிட்ட அறிக்கை, அப்படிச் சொல்வதற்கு நல்ல பாடம். சர்வதேச நேரப்படி பிற்பகல் 1.42-க்கு ஒரு பொறியாளர் ஃபயர்வாலில் புதிய விதி ஒன்றைச் சேர்த்தார். யாரையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் சோதனை முறைதான். ஆனால் அந்த விதியின் ரெகெக்ஸில் `.*.*=.*` போன்ற ஒரு பகுதி இருந்தது. பொருத்தம் தேடி அது திரும்பத் திரும்பப் பின்னோக்கிப் போனதில் உலகெங்கும் சர்வர்களின் சிபியு நிரம்பிவிட்டது.

மூன்று நிமிடத்தில் அலர்ட் வந்தது. இண்டர்வியூவில் இந்த இடத்தில் “உங்களுக்கு முதலில் எப்படித் தெரிந்தது?” என்று குறுக்குக் கேள்வி வரும். வாடிக்கையாளர் போன் செய்துதான் தெரிந்தது என்றால் அதையும் மறைக்கக் கூடாது. பாடம் அங்கிருந்தே தொடங்கும்.

தாக்குதலோ என்றுகூடச் சந்தேகம் எழுந்தது. ஃபயர்வால்தான் சிக்கல் என்று 2.00 மணிக்குத் தெரிந்தபோது எந்த விதி, எந்த ரெகெக்ஸ் என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கவில்லை. உலகம் முழுவதும் அந்த ஃபயர்வால் விதிகளையே மொத்தமாக அணைத்துவிடலாம் என்றார்கள். அதிலும் ஒரு முட்டுக்கட்டை: அணைக்க வேண்டிய உள் கருவிகளும் முடங்கிய அதே நெட்வொர்க்கைத்தான் நம்பியிருந்தன. வேறு வழியாக நுழைந்து 2.07-க்கு அணைத்தார்கள், 2.09-க்கு டிராஃபிக் திரும்பியது. மொத்தம் 27 நிமிட முடக்கம். பிழையைத் திருத்தி ஃபயர்வாலை மீண்டும் இயக்கியபோது மணி 2.52. இடைப்பட்ட நேரத்தில் வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நல்ல பதிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது: எதை இழந்து எதைக் காப்பாற்றினோம், அந்த முடிவை எடுத்தது யார்? “நாங்கள் சரிசெய்தோம்” என்று முடித்தால், “அதில் நீங்கள் செய்தது எது?” என்பார்கள். டாஷ்போர்டைப் பார்த்தது மட்டுமே உங்கள் வேலை என்றால் அப்படியே சொல்லலாம். பொய்யாக ஏற்றிச் சொன்னது அடுத்த இரண்டு கேள்விகளில் உதிர்ந்துவிடும்.

பாடம் என்று கேட்டால், “இனி கவனமாக இருப்போம்” என்பது பதிலே அல்ல. கிளவுட்ஃபிளேர் 3,868 விதிகளையும் ஆட்களை வைத்து ஆராய்ந்தது. முன்பு தவறுதலாக நீக்கப்பட்டிருந்த சிபியு பாதுகாப்பைத் திரும்பச் சேர்த்தது. விதிகளை ஒரே நேரத்தில் உலகம் முழுவதும் அனுப்பாமல் படிப்படியாக விடவும், பின்னோக்கிப் போகாத ரெகெக்ஸ் எஞ்சினுக்கு மாறவும் முடிவு செய்தது. இதே போல உங்கள் பட்டியலைச் சொன்னதும், “இவற்றில் எத்தனை முடிந்தன?” என்பார்கள். பாதிதான் முடிந்தது என்றால், மீதி ஏன் தள்ளிப்போனது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.