மிஞ்சும் ஒரு பைசா யாருக்கு?

பாத்திரக்கடை பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரண்டி செட் 145 ரூபாய், டம்ளர் செட் 260, டிபன் கேரியர் 375, தோசைக்கல் 480, குக்கர் 840. மொத்தம் 2,100. கடைக்காரர் 200 ரூபாய் தள்ளிக் கொடுக்கிறார். வாங்குகிறவருக்குக் கணக்கு அதோடு முடிந்தது. பில் போடும் மென்பொருளுக்கு வேலையே இனிமேல்தான். பில்லிலேயே காட்டிய தள்ளுபடியைக் கழித்த பிறகுதான் ஜிஎஸ்டி போட வேண்டும். வரி விகிதமோ பொருளுக்குப் பொருள் மாறலாம். அதனால் அந்த 200 ரூபாயில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பிரித்தே ஆகவேண்டும்.

விலைக்குத் தக்கபடி பிரிப்பதே வழக்கம். விலையை 200-ஆல் பெருக்கி 2,100-ஆல் வகுத்துப் பைசாவுக்கு முழுமையாக்கினால், முறையே 13.81, 24.76, 35.71, 45.71, 80.00 என்று வரும். கூட்டிப் பாருங்கள்: 199.99. எந்த இடத்திலும் கணக்குத் தப்பவில்லை, ஆனாலும் ஒரு பைசா காணோம்.

பல மென்பொருள்கள் இதற்குச் செய்யும் வைத்தியம், குறைவதைக் கடைசிப் பொருளின் தலையில் கட்டுவது. இங்கே கடைசியில் இருப்பது குக்கர். அதன் பங்கு பின்னமே இல்லாமல் சரியாக 80 ரூபாய். பில்லில் துல்லியமாக இருந்த ஒரே எண்ணைக் கெடுத்து 80.01 ஆக்கிவிடுகிறோம். ஒரு பைசாதானே என்று விடலாம். ஆனால் ஒரே விலையில் 300 பொருள்கள் உள்ள பில்லில் 100 ரூபாய் லாரி வாடகையைப் பிரித்தால் ஆளுக்கு 33 பைசா; கூட்டினால் 99 ரூபாய். மிச்சம் ஒரு ரூபாயும் கடைசிப் பொருளில் விழ, அதற்கு மட்டும் 1.33 ரூபாய் வாடகை, மற்றவற்றைப் போல நான்கு மடங்கு! கடைசியில் இலவசப் பொருள் இருந்தால் இன்னும் வேடிக்கை. விலை பூஜ்யம், தள்ளுபடி ஒரு பைசா, ஆக மதிப்பு மைனஸ் ஒரு பைசா.

சரியான வழி பழையது, எளியது. முதலில் யாருக்கும் மேல்நோக்கி முழுமையாக்காமல், பைசாவுக்குக் கீழே உள்ள பின்னத்தை எல்லாருக்கும் வெட்டிவிட வேண்டும். நம் பில்லில் 13.80, 24.76, 35.71, 45.71, 80.00 கிடைக்கும்; கூட்டுத்தொகை 199.98. இரண்டு பைசா கையில் நிற்கிறது. வெட்டியதில் யார் அதிகம் இழந்தார்களோ அவர்களுக்கு ஆளுக்கொரு பைசா. கரண்டி செட் இழந்தது 0.952 பைசா, முதல் பைசா அதற்கு. அடுத்து டிபன் கேரியரும் தோசைக்கல்லும் சமமாக 0.429 பைசா இழந்து நிற்கின்றன. இப்படிச் சமன் வரும்போது என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். விலை கூடியதற்கு, அதுவும் சமமானால் பில்லில் முதலில் வருவதற்கு என்பது நல்ல விதி. தோசைக்கல் 45.72 ஆகிறது; மொத்தம் 200.00. எந்தப் பொருளும் தன் உண்மைப் பங்கிலிருந்து ஒரு பைசா அளவுக்குக்கூட விலகவில்லை. இந்தக் கணக்கைப் பைசாவில், முழு எண்ணாகவே போட வேண்டும். தசமத்தில் போட்டால் சமமான இரண்டு மிச்சங்களைக் கணினி வேறுவேறாகப் பார்த்துவிடக்கூடும்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் மாநிலங்களுக்கு இடம் பிரிக்க அலெக்சாண்டர் ஹாமில்டன் 1792-ல் முன்வைத்த முறையும் இதுதான். வாஷிங்டன் அதை மறுத்தார், பின்னாளில் சட்டமானது. 1880 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்தபோது ஒரு கோளாறு தெரிந்தது: மொத்தம் 299 இடம் என்றால் அலபாமாவுக்கு 8, 300 ஆக்கினால் 7! பில்லிலும் இது நடக்கும். மொத்தத் தள்ளுபடியைக் கொஞ்சம் கூட்டினால், ஏதோ ஒரு பொருளின் பங்கு ஒரு பைசா குறையலாம்.

ஆகவே பிரித்த எண்களைப் பில்லோடு சேமித்து வைக்க வேண்டும். டிபன் கேரியர் திரும்பி வந்தால் அன்று எழுதிய 35.71-ஐத்தான் கழிக்க வேண்டும். புதிதாகக் கணக்குப் போடக் கூடாது. 100 ரூபாய்க்கு மூன்று என்று விற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பினால், முதலிரண்டுக்கும் 33.33, மூன்றாவதற்கு மீதியுள்ள 33.34.

பில்லின் அடியில் வரும் ‘ரவுண்ட் ஆஃப்’ வேறு சமாசாரம். அது கட்ட வேண்டிய தொகையை முழு ரூபாயாக்குவதற்கு. பிரித்ததில் வந்த பைசா வித்தியாசத்தை அதில் ஒளித்தால் தள்ளுபடிப் பத்தி 199.99 ஆகவே நிற்கும், தணிக்கையாளர் கேட்பார். கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே நீளமான பில் ஒன்றை எடுத்து அந்தப் பத்தியைக் கூட்டிப் பாருங்கள். கடைசிப் பொருள் மட்டும் விகிதம் தப்பி நின்றால், மென்பொருள் விற்றவரைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள்.