பின்னக் கூட்டலின் விடையைச் சரிபார்த்தல்

7/30, 5/42 ஆகிய இரு பின்னங்களைக் கூட்டிய மாணவர் ஒருவர் 1/3 என்று விடை எழுதியிருப்பதாகக் கொள்ளலாம். பார்வைக்கு விடை அழகாக இருக்கிறது. அளவும் பொருந்துவது போலவே தெரிகிறது: 7/30 என்பது காலை விடச் சற்றுக் குறைவு, 5/42 என்பது அரைக்காலை விடச் சற்றுக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் 3/8-ஐ விடக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். 1/3 அதற்கு அருகில்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த விடை தவறு.

அளவைப் பார்ப்பதால் பெரிய பிழைகள் மட்டுமே பிடிபடும். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டி 12/72, அதாவது 1/6 என்று எழுதினால், அது 7/30-ஐ விடவே சிறியது. கூட்டிய பிறகு எண் குறைய முடியாது. 1/3 போன்ற விடைக்கு இந்தச் சோதனை போதாது. பொதுப் பகுதியை மறுபடி கட்டிப் பார்க்க வேண்டும்.

30 = 2 × 3 × 5; 42 = 2 × 3 × 7. இரண்டுக்கும் பொதுவான 2, 3 ஆகியவற்றை ஒரு முறையும், தனித்தனியே உள்ள 5, 7 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் மீச்சிறு பொது மடங்கு 210. முப்பதை 7 மடங்காக்கினால் 210 வரும். ஆகவே தொகுதியான 7-ஐயும் 7-ஆல் பெருக்க வேண்டும்: 49/210. நாற்பத்திரண்டை 5 மடங்காக்க வேண்டும்: 25/210. கூட்டினால் 74/210. மாணவர் செய்த பிழை இப்போது தெரிகிறது. பெருக்கவேண்டிய எண்களை இடம் மாற்றிவிட்டார்: 7 × 5 = 35, 5 × 7 = 35, மொத்தம் 70/210. அதுதான் 1/3 ஆகச் சுருங்கியது.

74/210-உம் இறுதி விடை அல்ல. மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்திவிட்டால் அதற்குமேல் சுருக்க ஒன்றும் இருக்காது என்ற எண்ணம் பரவலாக உண்டு, அது சரியல்ல. இங்கே மேலும் கீழும் 2-ஆல் வகுபடும், விடை 37/105.

எந்தெந்த எண்களால் சுருக்கிப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட முடியும். 5-ஐ எடுத்துக்கொள்ளலாம். 25 ஐந்தின் மடங்கு, 49 அப்படியல்ல. ஐந்தின் மடங்கோடு மடங்கல்லாத ஒன்றைக் கூட்டினால் வருவது ஒருபோதும் ஐந்தின் மடங்காகாது. ஏழுக்கும் இதே கதைதான்: 49 அதன் மடங்கு, 25 அல்ல. எனவே 5, 7 இரண்டும் விடையின் பகுதியில் நின்றே தீரும். சுருங்கக்கூடியவை இரு பகுதிகளுக்கும் பொதுவான 2, 3 மட்டுமே. டொனால்டு நூத் கணினி நிரலாக்கம் பற்றி எழுதிய பெருநூலின் இரண்டாம் தொகுதியில் பின்னக் கூட்டலுக்குத் தரும் வழிமுறையும் இந்த உண்மையைத்தான் பயன்படுத்துகிறது: 74-ஐ 210-உடன் ஒப்பிடத் தேவையில்லை, 30-க்கும் 42-க்கும் பொதுவான 6-உடன் ஒப்பிட்டால் போதும்.

1/3-இன் பகுதியில் 5-உம் இல்லை, 7-உம் இல்லை. ஆகவே ஒரு பெருக்கல்கூடச் செய்யாமலே அது தவறு என்று சொல்லிவிடலாம். கொடுத்த பின்னங்கள் முதலிலேயே முழுதும் சுருங்கியவையாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும். 10/30 போன்ற ஒன்று வந்தால் அதை முதலில் 1/3 ஆக்கிவிட வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. தொகுதியில் கூட்டல் பிழை நேர்ந்து 38/105 என்று வந்திருந்தால், பகுதி சரியாகவே இருக்கும், பிழை தப்பிவிடும்.

அந்தப் பிழையைப் பிடிக்க, வேறொரு பொதுப் பகுதியை வைத்துக் கட்டுவது நல்லது. அதே வழியில் திரும்பப் போனால் அதே இடத்தில் மறுபடி தடுக்க வாய்ப்பு அதிகம். 30 × 42 = 1260 என்று எடுத்தால், 7 × 42 = 294, 5 × 30 = 150, மொத்தம் 444/1260. இவ்வளவு பெரிய எண்களுக்கு யூக்ளிட்டின் வகுத்தல் முறை உதவும். 1260-ஐ 444-ஆல் வகுத்தால் மீதி 372. 444-ஐ 372-ஆல் வகுத்தால் மீதி 72. 372-ஐ 72-ஆல் வகுத்தால் மீதி 12. 72-ஐ 12 மீதியின்றி வகுக்கும். மேலும் கீழும் 12-ஆல் வகுக்க, மறுபடி 37/105.

பாதியில் நின்று 111/315 என்று எழுதியவரின் விடை தவறல்ல, முடியாத விடை. குறுக்கே பெருக்கினால் 111 × 105, 315 × 37 இரண்டும் 11,655, மதிப்பு ஒன்றே. மேலும் கீழும் ஒரு 3 எஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான்.