காய்ச்சல் இறங்கிய நேரத்தில் ஓவர் கொடுப்பது எப்படி?

மழைக்காலம் வந்தால் திருப்பூர் ஆஸ்பத்திரிகளின் காய்ச்சல் வார்டுகள் நிறையத் தொடங்கும். லைன் வீடுகளிலும் பனியன் கம்பெனி ரூம்களிலும் டிரம்மில் பிடித்து வைக்கும் தண்ணீர் ஏடிஸ் கொசு முட்டையிடப் போதும். அப்படி வரும் டெங்கு, மற்ற காய்ச்சல்களைப் போல நடந்துகொள்வதில்லை. உடம்பு அனலாகக் கொதிக்கும் முதல் சில நாட்களை விட, காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் பலருக்கு உயிராபத்து வருகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும். மிச்சமிருக்கும் ரத்தம் கெட்டிப்படும். நோயாளி மெல்ல அதிர்ச்சி நிலைக்குப் போவார். மருத்துவமனை வழக்கில் அதை ‘ஷாக்’ என்பார்கள்.

ஆனால் வார்டில் டியூட்டி மாறும்போது காதில் விழுவது என்ன? “பெட் 12, டெங்கு. காய்ச்சல் விட்டுடுச்சு. ட்ரிப்ஸ் போகுது. பரவால்ல.” முதல் மூன்று வாக்கியமும் பொய்யில்லை. இரவு டியூட்டிக்கு வந்த செவிலியர் அதை நம்பி, இவரைவிட மோசமாகத் தெரியும் இன்னொருவரிடம் முதலில் போய்விடுவார்.

செவிலியர்கள் ‘ஓவர்’ என்று சொல்லும் இந்தக் கைமாற்றத்துக்கு ஒரு சட்டகம் உண்டு. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘எஸ்பார்’ என்கிறார்கள். இது மருத்துவத்தில் பிறந்ததல்ல. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில், கீழ்நிலை ஊழியர் மேலதிகாரியிடம் அவசரச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லப் பழகிய முறையிலிருந்து வந்தது. அந்தக் கடற்படையில் பணிபுரிந்த டக் பொனாகமும் டாக்டர் மைக்கேல் லியோனார்டும் சகாக்களும் 2000களின் தொடக்கத்தில் கொலராடோவில் உள்ள கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பில் இதை வார்டுக்கு ஏற்றபடி வடிவமைத்தார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனம் நோயாளிப் பாதுகாப்புக்கான தன் தீர்வுகளில் இதைப் பரிந்துரைத்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, கற்பனையான ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் 24 வயது இளைஞர். எடை 60 கிலோ. காய்ச்சலின் நான்காம் நாளில் சேர்ந்தார், டெங்கு உறுதியானது. இன்று ஐந்தாம் நாள். காலை 10 மணிக்குக் காய்ச்சல் 102.6 டிகிரி, நாடித்துடிப்பு 96, ரத்த அழுத்தம் 120/76, மூச்சு நிமிடத்துக்கு 18. மாலை 6 மணிக்குக் காய்ச்சல் 98.8, நாடி 108, அழுத்தம் 104/86, மூச்சு 20. ஆக்சிஜன் அளவு இரண்டு வேளையும் 97.

பல நாட்டு மருத்துவமனைகளில் இந்த எண்களுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் இருக்கிறது. பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய ‘நியூஸ் 2’ அட்டவணை அவற்றில் புகழ்பெற்றது. மதிப்பெண் ஏற ஏற ஆபத்து அதிகம். 5 வந்தால் அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும். நம் இளைஞருக்குக் காலையில் காய்ச்சலுக்கு 2, நாடிக்கு 1, ஆக 3. மாலையில் நாடிக்கு 1, அழுத்தத்துக்கு 1, ஆக 2. அட்டவணைப்படி அவர் தேறியிருக்கிறார்!

உண்மையில் அவர் சரிந்துகொண்டிருக்கிறார். அதைக் காட்டுவது அட்டவணை கவனிக்காத ஒரு கணக்கு: ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழிப்பது. காலையில் 120க்கும் 76க்கும் இடைவெளி 44. மாலையில் 104க்கும் 86க்கும் வெறும் 18. டெங்குவில் இந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஷாக் தொடங்கிவிட்டது என்று பொருள். குழாய்க்குள் ரத்தத்தின் அளவு குறைந்ததும் உடல் குழாய்களை இறுக்கிக்கொள்கிறது. அதனால் கீழ் எண் ஏறுகிறது. மேல் எண் இன்னும் தாக்குப்பிடிப்பதால் ‘பி.பி. நார்மல்’ என்று தோன்றிவிடும். மேல் எண்ணும் விழும்வரை காத்திருந்தால் கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு.

ஆகவே ஓவர் கொடுக்கும் செவிலியர், நோயாளியின் கட்டில் அருகே நின்று, கேஸ் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இப்படித் தொடங்க வேண்டும்: “அக்கா, பெட் 12ஐ முதல்ல பாத்துருவோம். இவரு மோசமாயிட்டு வர்றாரு. பி.பி. 104/86, இடைவெளி 18தான். கை கால் சில்லுனு இருக்கு.” இதுதான் நிலைமை. பெயர், வயது, சேர்ந்த தேதி எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஆபத்தைச் சொன்னால், கேட்பவரின் கவனம் அதற்குள் பாதி கரைந்திருக்கும்.

அடுத்தது பின்னணி. மோசமாகும் நோயாளிக்கு அது எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. “டெங்கு, அஞ்சாவது நாள், மத்தியானம் காய்ச்சல் இறங்குச்சு. எடை 60 கிலோ. சலைன் மணிக்கு 100 மில்லி போகுது. மத்தியானத்துல இருந்து மூணு வாந்தி, வயித்து வலி. ஒரு மணிக்கு 150 மில்லி யூரின் போனாரு, அப்புறம் இல்ல.” எடையை விடக் கூடாது; திரவத்தின் அளவு அதை வைத்துத்தான் முடிவாகும். ஆறு மாதத்துக்கு முன் நடந்த குடல்வால் ஆபரேஷன் இங்கே வேண்டாம், அது கேஸ் ஷீட்டில் இருக்கிறது.

திருப்பூரில் இந்தப் படியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நோயாளிக்குத் தமிழ் தெரியாது, செவிலியருக்கு ஒடியா தெரியாது. கண் திறந்து பார்க்கிறார் என்பதை வைத்து ‘நினைவு தெளிவு’ என்று எழுதிவிடுவது சுலபம். குழப்பமும் மந்தமும் பேச்சில்தான் முதலில் தெரியும். கூட இருக்கும் ரூம்மேட்டை அழைத்து, இது எந்த இடம், என்ன நாள் என்று அவர் மொழியிலேயே கேட்கச் சொல்ல வேண்டும். நம் உதாரணத்தில் இளைஞர் சரியாகத்தான் பதில் சொல்கிறார். ஆனால் மத்தியானத்திலிருந்து போனைக்கூடத் தொடாமல் சோர்ந்து கிடக்கிறார் என்கிறார் நண்பர். டெங்குவில் சோர்வும் ஓர் எச்சரிக்கை அறிகுறி. யார் மூலம் கேட்டு அறிந்தோம் என்பதும் ஓவரில் வர வேண்டும்.

மூன்றாவது படியான மதிப்பீட்டில்தான் பலர் தயங்குகிறார்கள். எண்களை வரிசையாகப் படித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். நோயைக் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை என்ற பழக்கம். இங்கே கேட்பது நோயின் பெயரை அல்ல, எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன, அதைப் பார்த்தவருக்கு என்ன தோன்றுகிறது என்பதை. “காலைல 44 இருந்த இடைவெளி 18 ஆயிருக்கு. பி.சி.வி. 40ல இருந்து 48. பிளேட்லெட் 92 ஆயிரத்துல இருந்து 41 ஆயிரம். ரத்தம் கெட்டிப்படுது. ஷாக் ஆரம்பிச்ச மாதிரி எனக்குத் தெரியுது.” பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. அது 40லிருந்து 48க்கு ஏறுவது 20 சதவீத உயர்வு. நீர்ப்பகுதி கசிகிறது என்பதற்கு வலுவான சான்று. பிளேட்லெட்டை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

நிட்டிங் மிஷினில் ஷிஃப்ட் மாறும் ஆபரேட்டர், மிஷின் ஓடுது என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. எந்த ஃபீடரில் நூல் அறுகிறது, எப்போதிலிருந்து என்று சொல்வார். மதிப்பீடும் அப்படிப்பட்டதுதான்.

கடைசிப் படி பரிந்துரை. ‘கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்பது பரிந்துரை ஆகாது. யார், என்ன, எத்தனை மணிக்குள் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இந்த நோயாளி விஷயத்தில் ஓவர் முடியும்வரை காத்திருக்கவும் கூடாது. மாலைச் செவிலியரே டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும், அதே நான்கு படிகளில்: “சார், காய்ச்சல் வார்டு பெட் 12. டெங்கு அஞ்சாவது நாள், ஷாக் ஆரம்பிக்குதுன்னு சந்தேகம். பி.பி. 104/86, நாடி 108, கை சில்லுனு இருக்கு, பி.சி.வி. 48, அஞ்சு மணி நேரமா யூரின் இல்ல. நீங்க இப்பவே வந்து பாக்கணும். வர்றதுக்குள்ள சலைன் எவ்வளவு வேகத்துல விடட்டும்? ஐ.சி.யூ. பெட் கேட்டு வைக்கட்டுமா?”

டாக்டர் போனில் சொல்லும் அளவை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் டெங்கு வழிகாட்டலில் இந்த நிலைக்குச் சொல்லப்படுவது கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி, ஒரு மணி நேரத்தில். 60 கிலோவுக்கு 300 முதல் 600 மில்லி. போன் இரைச்சலில் எண் மாறிக் கேட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

பிறகு இரவுச் செவிலியரிடம் பரிந்துரை இப்படிப் போகிறது: “6.40க்கு டாக்டருக்குச் சொல்லியாச்சு, வந்துட்டு இருக்காரு. கால் மணிக்கு ஒரு தடவை பி.பி. பாக்கணும். ஒரு மணி நேரத் திரவம் முடிஞ்சதும் பி.சி.வி. திரும்ப அனுப்பணும். யூரின் மணிக்கு 30 மில்லியாவது வரணும். இடைவெளி இன்னும் குறைஞ்சாலோ, பேச்சு குழறினாலோ உடனே டாக்டர கூப்பிடுங்க.” கேட்டவர் அந்தக் கடைசிப் பகுதியைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். இருவரும் நோயாளியின் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மாலையில் எவ்வளவு சில்லென்று இருந்தது என்று இரவுச் செவிலியரின் விரலுக்குத் தெரிந்தால்தான் எட்டு மணிக்கு மாற்றம் தெரியும்.

இந்தச் சட்டகத்தால் பலன் உண்டா? பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 16 வார்டுகளில் செவிலியர்களுக்கு இதைப் பயிற்றுவித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டமிடாத ஐ.சி.யூ. சேர்க்கை கூடியது, எதிர்பாராத மரணம் குறைந்தது. மோசமாகும் நோயாளி முன்கூட்டியே கண்ணில் பட்டிருக்கலாம் என்பது அதற்கான விளக்கம். ஆனால் அது பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு. வேறு காரணங்களை முழுதாக விலக்க முடியாது. 2018இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சான்று மிதமானது, டாக்டருக்குப் போனில் தகவல் சொல்லும்போது பலன் கூடுதலாகத் தெரிகிறது என்றே முடித்தார்கள். அளக்காத பி.பி.யை எந்தச் சட்டகமும் சொல்லித் தராது. ஒரே செவிலியர் நாற்பது பேரைப் பார்க்கும் இரவில் கால் மணிக்கு ஒரு அளவீடு நடப்பதும் கடினம். அதனால்தான் எந்தக் கட்டில்களுக்கு முழு எஸ்பார், எவற்றுக்கு ஒரு வரி என்று முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரவு கடந்து அந்த இளைஞர் தேறினாலும் ஓவர் லேசாகிவிடாது. கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் நின்றுவிடும். வெளியே போன நீர் மறுபடி ரத்தக் குழாய்க்குள் திரும்பும். அப்போதும் ட்ரிப்ஸ் அதே வேகத்தில் போனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். எனவே அடுத்த நாள் ஓவரில் நிலைமை என்ற இடத்தில் வர வேண்டிய செய்தி தலைகீழாக மாறும்: “பெட் 12, யூரின் நல்லா போகுது, பி.சி.வி. 41க்கு இறங்கியிருக்கு, மூச்சு 24 ஆயிருக்கு. கசிவு நின்னுடுச்சுன்னு தோணுது. ட்ரிப்ஸை நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்ட இப்பவே கேக்கணும்.”